பட்டியல் நிரைகளில் அடையாளக்குறி: இமோஜியா, ஐகன் எழுத்துருவா, எஸ்.வி.ஜி.யா?

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஒரு டிவிசனுக்காகக் கொழுந்து நிறுக்கும் பதிவேட்டைக் கைத்தொலைபேசியில் பார்க்கும்படி செய்துகொடுத்திருந்தோம். இடப்பக்கம் முப்பத்தொரு பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரலாகக் கிலோக்கணக்கு. நாட்களைப் பார்க்க வலப்பக்கத்தை விரலால் தள்ளலாம். பெயர்கள் அசையாமல் நிற்கும். முதல் வாரமே கணக்கப்பிள்ளை அழைத்தார். "தம்பி, கடைசிப் பேருக்கு எதிர்க்க எடையே இல்லை. அதுக்கு மேல உள்ளவங்களுக்கு அடுத்தவங்க எடை நிக்குது" என்றார். தரவைச் சரிபார்த்தால் பிழை ஏதும் இல்லை. பிழை இருந்தது திரையில்தான்.

கொழுந்து குறைந்ததால் அன்று அரை நாள் சம்பளம் மட்டுமே எழுதப்பட்டவர்களின், அதாவது அரைப் பேர் விழுந்தவர்களின் பெயருக்கு முன்னால் சிறிய அடையாளமொன்றை ஐகன் எழுத்துருவிலிருந்து எடுத்து வைத்திருந்தோம். அந்த அடையாளம் இருந்த நிரை மட்டும் 40 பிக்சலுக்குப் பதிலாக 46 பிக்சல் உயரமாக இருந்தது. அன்று ஒன்பது பேருக்கு அந்த அடையாளம். ஒன்பது ஆறு ஐம்பத்து நான்கு. ஆகவே இடப்பக்கப் பட்டியல் முடியும்போது அடையாளங்களால் மட்டுமே வலப்பக்கத்தைவிட 54 பிக்சல், அதாவது ஒரு நிரைக்கும் கூடுதலாக, கீழே இறங்கியிருந்தது. நான்காவது அடையாளத்தைத் தாண்டியதுமே பெயர் அரை நிரைக்கு மேல் தாழ்ந்துவிடுவதால், பார்க்கிறவரின் கண் அடுத்தவரின் எடைக்குப் போய்விடும். சம்பளக் கணக்கில் இது சிறிய விடயம் அல்ல.

இந்த அடையாளத்தை எதைக் கொண்டு வைப்பது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு: இமோஜி, ஐகன் எழுத்துரு, எஸ்.வி.ஜி. படம். மூன்றையும் அதே பதிவேட்டில் வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுத்தோம். ஒப்பிடுவதற்கு முன், நிரை ஏன் வீங்குகிறது என்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் மூன்று வழிகளின் குறைகளும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் வருகின்றன.

ஒவ்வொரு எழுத்துருவும் தன்னுள் இரண்டு அளவுகளை வைத்திருக்கிறது. எழுத்துகள் அமர்ந்திருக்கும் அடிக்கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பனவே அவை. எங்கள் தமிழ் எழுத்துருவில், எழுத்தளவு 16 பிக்சலாக இருக்கும்போது, மேலே 17, கீழே 5. கூட்டினால் 22. `line-height` 1.5 என்று கொடுத்தால் வரியுயரம் 24 பிக்சல் ஆகிறது. மிஞ்சும் 2 பிக்சலை உலாவி சரிபாதியாகப் பிரித்து மேலே ஒன்று, கீழே ஒன்று சேர்க்கிறது. ஆகவே பெயர் எழுதிய வரி அடிக்கோட்டுக்கு மேலே 18, கீழே 6 என நிற்கும். மேலும் கீழும் எட்டெட்டுப் பிக்சல் இடைவெளி விட்டால் நிரையின் உயரம் 40. இதுவே நாங்கள் வரைந்த திட்டம்.

இனி அடையாளத்தைப் பார்ப்போம். ஐகன் எழுத்துருக்களைக் கட்டித்தரும் ஐக்கோமூன் என்ற கருவியின் இயல்பான அமைப்பில், 1024 அலகு கொண்ட சதுரத்தில் அடிக்கோட்டுக்கு மேலே 960 அலகும் கீழே 64 அலகும் இருக்கும். அதாவது படம் ஏறக்குறைய முழுவதும் அடிக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று அதற்கு 20 பிக்சல் கொடுத்திருந்தோம். அப்போது மேலே 19, கீழே 1. இங்கேதான் கவனிக்காமல் விட்ட ஒன்று நடந்தது: 1.5 என்ற அலகில்லாத எண் பிள்ளை உறுப்புக்கு எண்ணாகவே இறங்குகிறது. 24 பிக்சலாக இறங்குவதில்லை. ஆகவே அடையாளத்தின் வரியுயரம் 20 பெருக்கல் 1.5, அதாவது 30. மிஞ்சும் 10 பிக்சலில் மேலே 5, கீழே 5 சேர, அடையாளம் அடிக்கோட்டுக்கு மேலே 24, கீழே 6 என்று இடம் கேட்கிறது. ஒரு வரியில் உள்ளவை எல்லாம் ஒரே அடிக்கோட்டில் நின்றுகொண்டு, மேலே அதிகம் கேட்பவருக்கும் கீழே அதிகம் கேட்பவருக்கும் இடம் கொடுத்தால்தான் வரி முழுமையாகும். மேலே 24, கீழே 6. வரி 30, நிரை 46. கணக்கப்பிள்ளை கண்ட ஆறு பிக்சல் இதுதான்.

இமோஜி

முதலில் எளிதாகத் தோன்றுவது இதுதான். தனியாக எந்தக் கோப்பும் தரவிறக்க வேண்டியதில்லை. பெயருக்கு முன்னால் ⚠️ என்று தட்டிவிட்டால் முடிந்தது. மலைப்பகுதியில் இது சிறிய சலுகை அல்ல. வீதியோரத்தில் நன்றாக இருக்கும் சிக்னல் பள்ளத்து மலையில் இறங்கியதும் போய்விடும்.

இமோஜியின் உயரம் நிரையைத் தொடுமா தொடாதா என்பது `line-height` எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது `normal` ஆக இருந்தால், வரியில் வரும் ஒவ்வோர் எழுத்தும் எந்த எழுத்துருவிலிருந்து வந்ததோ அந்த எழுத்துருவின் அளவுகளெல்லாம் கணக்கில் சேரும். இமோஜி எப்போதுமே வேறோர் எழுத்துருவிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் அது ஒன்று, ஐபோனில் வேறொன்று, விண்டோஸ் கணினியில் மற்றொன்று. ஆகவே ஒரே பக்கம் மூன்று கருவிகளில் மூன்று உயரமாக நிற்கலாம். அதற்கு மாறாக எண்ணாகக் கொடுத்துவிட்டால், அந்த உறுப்பின் முதல் எழுத்துருவின் அளவு மட்டுமே கணக்கில் வரும். இடையில் புகுந்த இமோஜி எவ்வளவு உயரமானதாக இருந்தாலும் வரியை அசைக்காது.

இதை நம்மவர்கள் இன்னொரு வடிவில் கண்டிருப்பார்கள். ஆங்கில எழுத்துருவை முதலில் எழுதிவிட்டுத் தமிழை போனிலுள்ள எழுத்துருவுக்கு விட்டுவிட்ட பக்கங்களில், தமிழ்ப் பெயர் உள்ள நிரை உயரமாகவும், ஆங்கிலமோ எண்ணோ மட்டும் உள்ள நிரை குட்டையாகவும் இருக்கும். அந்த உலாவியின் பார்வையில் தமிழும் இமோஜியும் ஒன்றுதான்: முதல் எழுத்துருவில் கிடைக்காததால் வெளியிலிருந்து வந்தவை. மறுபுறம், தமிழ் எழுத்துருவே முதலில் இருந்தால், நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் நிறைய இடம் தேவைப்படுவதால் அதன் அளவுகள் பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். அந்தத் தாராளத்துக்குள் இமோஜி அடங்கி, பிழை வெளியே தெரியாமல் போகும். பிறகு யாராவது எழுத்துருவை மாற்றும் நாளில் அது திடீரென்று தலைகாட்டும்.

எண்ணாகக் கொடுத்தும் வீங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது `button`. நிரை முழுவதையும் தட்டும்படி செய்வதற்காகப் பலரும் நிரையையே பொத்தானாக்குகிறார்கள். உலாவிகள் பொத்தானுக்கும் உள்ளிடும் பெட்டிக்கும் தங்கள் சொந்த எழுத்துரு அமைப்பைக் கொடுப்பதால், பக்கத்தில் நீங்கள் கொடுத்த 1.5 உள்ளே இறங்காமல் `normal` என்றே நிற்கும். `font: inherit` என்ற ஒரு வரி அதைத் தீர்க்கும்.

உயரம் தீர்ந்தாலும் இமோஜியில் தீராத இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு ஏறி, இறங்கி நிற்கும் என்பது கருவிக்குக் கருவி மாறுவதால், ஒரு போனில் நேராக்கினால் மற்றதில் கோணும். மற்றொன்று, ⚠ என்ற குறி தன்னளவில் எழுத்தாகக் காட்டப்பட வேண்டியது. அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத `U+FE0F` வந்தால்தான் வண்ணப்படமாகும். தரவுத்தளத்தில் சில பதிவுகளில் அது இருந்து சிலவற்றில் விடுபட்டால், ஒரே பட்டியலில் சில நிரைகளில் மஞ்சள் முக்கோணமும் சிலவற்றில் கறுப்புக் கோட்டுப்படமும் நிற்கும். இரண்டும் வெவ்வேறு எழுத்துருக்களிலிருந்து வந்தவை, அகலமும் வேறு. ✅ இயல்பாகவே வண்ணப்படமாக இருப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே நாமே தேர்ந்து வைக்கும் அடையாளத்துக்கு இமோஜி ஏற்றதல்ல என்பது என் கருத்து. ஆனால் மனிதர்கள் தட்டும் இமோஜி வேறு. குறிப்பு நிரலில் கங்காணி 🙏 போட்டால் அதை நாம் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் வரியுயரத்தை எண்ணாகக் கொடுப்பது கட்டாயம்.

ஐகன் எழுத்துரு

எங்களிடம் ஏற்கெனவே இருந்தது இது என்பதால், மாற்றாமல் திருத்த முடியுமா என்றே முதலில் முயன்றோம். பலரும் சொல்லும் மருந்து, அடையாளத்துக்கு `line-height: 1` கொடுப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி மருந்துதான். 20 பிக்சல் வரியுயரத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மேலே 19, கீழே 1. எழுத்தோ மேலே 18, கீழே 6 கேட்கிறது. கூட்டினால் 25. ஒரு நிரையைப் பார்த்தால் அந்த ஒரு பிக்சல் கண்ணுக்கே தெரியாது. சரியாகிவிட்டது என்று நினைத்துக் கொடுத்துவிடுவோம். மழையில் கொழுந்து குறைந்து முப்பத்தொரு பேருக்கும் அரைப் பேர் விழும் நாளில் கடைசி நிரை 31 பிக்சல் தள்ளியிருக்கும், அதாவது முக்கால் நிரை. அரைகுறையாகத் தீர்ந்த பிழை இப்படி அரிதாகவே வெளிப்படுவதால், தீராத பிழையைவிட இதுதான் ஆபத்தானது.

முழு மருந்து இது:

```css
.icon {
  font-size: 20px;
  line-height: 0;
  vertical-align: -0.15em;
}
```

வரியுயரம் பூச்சியம் என்றால் அடையாளம் மறைந்துவிடாது. அது இடம் கேட்காது, அவ்வளவுதான். வரி மீண்டும் 24. `-0.15em` என்பது இந்த ஒரு சோடி எழுத்துருக்களுக்கான எண். அடையாளம் மேலே 19, கீழே 1 என்று நிற்பதால் அதன் நடு அடிக்கோட்டுக்கு 9 பிக்சல் மேலே இருக்கிறது. மேலே 18, கீழே 6 உள்ள வரியின் நடு 6 பிக்சல் மேலே. வித்தியாசம் 3 பிக்சல். 20 இல் 3 என்பது 0.15. வேறு எழுத்துருவுக்கு இந்த எண் வேறாகும் என்பதுதான் இவ்வழியின் பலவீனம்.

இந்தக் கணக்கைத் தவிர்க்க `vertical-align: middle` போடுகிறவர்கள் உண்டு. தமிழ்ப் பட்டியலில் அதை நம்ப வேண்டாம். அது வரியின் நடுவைத் தேடுவதில்லை. அடிக்கோட்டிலிருந்து ஆங்கிலச் சிறிய x எழுத்தின் பாதி உயரத்துக்குப் போய் அங்கே அடையாளத்தின் நடுவை வைக்கிறது. தமிழில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற பிரிவே இல்லை. எழுத்துருவில் x உயரம் குறிக்கப்படாவிட்டால் உலாவி எழுத்தளவில் பாதி என்று வைத்துக்கொள்ளும். எப்படியும் அந்த நடுவுக்கும் "மீ", "ஞ", "மு" போன்றவை மேலும் கீழும் நீளும் வரியின் நடுவுக்கும் தொடர்பில்லாததால், பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் சற்றே சரிந்து உட்கார்ந்ததுபோல் தெரியும்.

`@font-face` க்குள் `ascent-override`, `descent-override` என்ற இரண்டால் ஐகன் எழுத்துருவின் அளவுகளையே தமிழ் எழுத்துருவின் அளவுகளாக மாற்றியும் எழுதலாம். குரோம் 87 இலிருந்தும் பயர்பொக்ஸ் 89 இலிருந்தும் அது வேலை செய்கிறது. பழைய சஃபாரி பதிப்புகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அடையாளமும் எழுத்தும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே அது முழுத் தீர்வு என்பதால், 20க்கு 16 என்றிருந்த எங்களுக்கு அது பயன்படவில்லை.

இறுதியில் ஐகன் எழுத்துருவைக் கைவிடச் செய்தது உயரம் அல்ல, சிக்னல். எழுத்துருக் கோப்பு வந்து சேராவிட்டால் அடையாளத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டி தெரியும். சில ஐகன் எழுத்துருக்கள் `check_circle` போன்ற சொல்லை எழுதினால் அதைப் படமாக மாற்றும் வகையில் செய்யப்பட்டவை. அவற்றில் கோப்பு வராதபோது அந்த ஆங்கிலச் சொல் முழுதும் பெயருக்கு முன்னால் நீண்டு நிற்க, பெயர் இரண்டாம் வரிக்குத் தள்ளப்படும். கோப்பைப் போனிலேயே சேமித்து வைக்கலாம்தான். ஆனால் மூன்றே மூன்று அடையாளத்துக்கு அவ்வளவு ஏற்பாடு அதிகம்.

எஸ்.வி.ஜி.

படத்தை எச்.டி.எம்.எல்.லுக்குள்ளேயே எழுதிவிடுவதால் பக்கம் வந்தால் படமும் வந்துவிடுகிறது. எழுத்துரு அளவுகள் என்ற பேச்சே இல்லை. ஆனால் எஸ்.வி.ஜி.க்கு மாறியதாலேயே நிரை சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. வரிக்குள் வைத்த படத்தின் அடிவிளிம்பு அடிக்கோட்டில் உட்காரும். 20 பிக்சல் படம் மேலே 20 கேட்கும், எழுத்து கீழே 6 கேட்கும், வரி 26. ஐகன் எழுத்துருவுக்குப் பாதி மருந்து கொடுத்ததைவிட இது ஒரு பிக்சல் மோசம். எஸ்.வி.ஜி.யைக் குறை சொல்லி மீண்டும் எழுத்துருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திரும்புகிறார்கள்.

செய்ய வேண்டியது, படத்தை எழுத்து வரியிலிருந்து பிரித்து அதற்கெனத் தனிப் பெட்டி கொடுப்பது:

```css
.row  { display: flex; align-items: flex-start; line-height: 1.5; }
.mark { flex: none; display: flex; align-items: center;
        height: 1.5em; height: 1lh; margin-right: 8px; }
.mark svg { display: block; width: 20px; height: 20px; }
```

`1lh` என்றால் அந்த உறுப்பின் ஒரு வரியுயரம், இங்கே 24 பிக்சல். குரோம் 109, சஃபாரி 16.4, பயர்பொக்ஸ் 120 முதல் இது கிடைக்கிறது. தோட்டத்தில் பழைய போன்கள் அதிகம் என்பதால் அதற்கு முன்னால் `1.5em` எழுதியிருக்கிறோம். புரியாத உலாவி இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை எடுத்துக்கொள்ளும். பெட்டியின் உயரம் உறுதியாகிவிட்டதால், நாளை யாராவது படத்தை 28 பிக்சலாக்கினாலும் அது பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் சிறிது துருத்துமேயன்றி நிரையை உயர்த்தாது.

`align-items: center` என்று நிரைக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு வரிப் பெயர்களுக்கு அது போதும். எங்கள் பட்டியலிலோ தகப்பன் பெயரும் சேர்ந்து இரண்டு வரிக்கு நீளும் பெயர்கள் பல. அவற்றில் அடையாளம் இரண்டு வரிக்கும் நடுவில் தொங்கும். மற்ற நிரைகளில் முதல் வரிக்கு நேராக இருக்கும். மேலிருந்து கீழாக ஓடும் கண் அங்கே தடுக்கும். மேலே தொடங்கி, ஒரு வரி உயரப் பெட்டியின் நடுவில் படத்தை வைத்தால், பெயர் எத்தனை வரியானாலும் அடையாளம் முதல் வரிக்கு நேராகவே நிற்கும்.

இதன் விலை, ஒவ்வொரு நிரையிலும் படத்தின் கோடுகளைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் பக்கம் கனப்பது. பக்கத்தின் தொடக்கத்தில் ஒருமுறை `symbol` ஆக வைத்து நிரைகளில் `use` என்று சுட்டினால் அதுவும் குறைகிறது. `fill="currentColor"` கொடுத்தால் எழுத்தின் நிறமே படத்துக்கும் வரும். நாங்கள் படத்துக்கு `aria-hidden="true"` கொடுத்து, "அரைப் பேர்" என்பதைச் சொல்லாகவும் திரைவாசிப்பானுக்கு வைத்தோம்.

எதை எப்போது

புதிதாகச் செய்கிற பட்டியலுக்கு எஸ்.வி.ஜி.யைத் தனிப் பெட்டியில் வைப்பதையே நான் தேர்வேன். எங்கள் பதிவேட்டிலும் அதுவே இன்று இருக்கிறது. பெரிய செயலியொன்றில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஐகன் எழுத்துரு ஏற்கெனவே பரவியிருந்து, அதைக் கிளறுவதற்கு நாளும் பணமும் இல்லையென்றால், `line-height: 0` போட்டு, அந்த எழுத்துருச் சோடிக்குரிய எண்ணை ஒருமுறை கணக்கிட்டுக் கொள்வது நேர்மையான வழி. இமோஜியை அடையாளமாக வைப்பது ஓரிரு நாள் மாதிரி காட்டுவதற்கு மட்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர்களை ஒரு பட்டியலாகவும் எடைகளை வேறொரு பட்டியலாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது எங்கள் பிழை. அடையாளம் நூறு வீதம் ஒழுங்காக நின்றாலும், ஒரு பெயர் இரண்டு வரியானால் இடப்பக்க நிரை 64 ஆகும், வலப்பக்கம் 40 ஆகவே நிற்கும். ஆகவே இரண்டையும் ஒரே அட்டவணையாக்கி, பெயர் நிரலுக்கு மட்டும் `position: sticky` கொடுத்தோம். அதன்பின் பெயரும் எடையும் பிரிவதில்லை; அடையாளத்தால் நிரை வீங்கினால்கூட அழகு கெடுமே தவிரக் கணக்குக் கெடாது.

பிழை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். உலாவியின் கொன்சோலில் இதை ஓட்டினால் போதும்:

```js
new Set([...document.querySelectorAll('.row')]
  .map(r => r.getBoundingClientRect().height))
```

எத்தனை வகை உயரங்கள் பட்டியலில் இருக்கின்றன என்பதை இது சொல்லும். வேண்டாத எண் வந்தால் அடையாளத்துக்கு `display: none` கொடுத்து மீண்டும் ஓட்ட வேண்டும். எண் மறைந்தால் காரணம் அடையாளம், மறையாவிட்டால் வரியில் புகுந்த எழுத்துரு. குரோமின் `Computed` பகுதியின் அடியில் `Rendered Fonts` என்ற இடத்தில் அந்த உறுப்புக்கு உண்மையில் எந்தெந்த எழுத்துருக்கள் பயன்பட்டன என்று தெரியும். எங்கள் பதிவேட்டில் முன்பு 40, 46, 64, 70 என நான்கு எண்கள் வந்தன. இப்போது வருவன 40, 64 மட்டுமே. கங்காணி குறிப்பு நிரலில் வரிசையாக 🙏 போட்டு வைத்த நாளிலும் அவ்விரண்டும்தான்.